நன்றியுரையில் ஒரு குளுக்கோஸ் பாட்டில்

சங்மோ தன் முதல் படத்தை நாற்பத்தொரு நாளில் எடுத்து முடித்தான். சரியாகச் சொன்னால் முப்பத்தெட்டு நாளில். மீதி மூன்று நாள் அவன் படப்பிடிப்புத் தளத்திலேயே இல்லை. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

படம் முடிந்ததும் படக்குழுவினருக்கும் குடும்பத்தாருக்கும் முதன்முதலாகப் போட்டுக் காட்டுகிற நாள் குறித்தார்கள். சியோல் நகரத்தில் ஒரு மல்டிபிளெக்ஸில், புதன்கிழமை காலை பத்து மணிக்கு, இருநூறு பேர் உட்காரும் அரங்கம். அன்றைக்குப் படத்துக்கு முன்னால் இயக்குநர் மேடையேறி நன்றி சொல்ல வேண்டும். ஏழு நிமிடம்தான். படம் நூற்றுப்பதினெட்டு நிமிடம், பன்னிரண்டே காலுக்கெல்லாம் கட்டணக் காட்சிக்காரர்கள் கதவருகே வந்து நின்றுவிடுவார்கள். ஏழு நிமிடத்தில் அறுபத்து மூன்று பேருக்கு நன்றி சொல்வது எப்படி என்று சங்மோ ஒரு வாரம் யோசித்தான். யோசித்து முடித்ததும், வழக்கம்போல ஹேரானுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அந்த நன்றியுரையை நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன். எனக்கு உணர்ச்சி வந்துடுது, எழுத்து வர மாட்டேங்குது."

குக் ஹேரானுக்கு முப்பத்தெட்டு வயது. அவனைவிட நான்கு வயது மூத்தவள். பதினோரு வருஷமாக உதவி இயக்குநர். நாளைக்கு யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்ற பட்டியலிலிருந்து, கதாநாயகியின் பிறந்தநாள் வாழ்த்து வரைக்கும் அவள்தான் எழுதினாள். இதையும் எழுத ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

படப்பிடிப்பின் இருபத்தொன்பதாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, குன்சான் ஊரில் தங்கியிருந்த விடுதியில், அவள் இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தே கிடந்தது. படுக்கை காலி. போனில் ஒரே ஒரு செய்தி: "அக்கா, என்னால முடியல. மன்னிச்சிடுங்க." அதற்குப் பிறகு போன் அணைந்துவிட்டது.

அன்றிலிருந்து மூன்று நாள் கடல் தடுப்புச் சுவரில் கடைசிக் காட்சி எடுக்க வேண்டும். கடல் அந்த அளவுக்கு உள்வாங்குவது அந்த மூன்று நாள் காலையில் மட்டும்தான். விட்டால் இன்னும் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். இயக்குநர் ஓடிவிட்டார் என்று தயாரிப்பு நிறுவனத் தலைவர் பாங்குக்குத் தெரிந்தால், அவர் அன்று மாலையே படத்தை மூட்டை கட்டிவிடுவார். ஹேரான் துறைத் தலைவர்களை மட்டும் காலைச் சாப்பாட்டு வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். பிறகு பாங்குக்குப் போன் போட்டுப் பொய்யைச் சொன்னாள். டைரக்டர் சோயாவில் ஊறவைத்த நண்டு சாப்பிட்டு வயிறு கெட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கையில் குளுக்கோஸ் ஏறுகிறது, ஆனாலும் படுக்கையிலிருந்து போனில் ஒவ்வொரு ஷாட்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள். பொய் சொல்லும்போது சின்னச் சின்ன விவரம் வேண்டும் என்பது தொழில் கற்றுக்கொடுத்தது. நண்டையும் குளுக்கோஸையும் அவளே யோசித்துச் சேர்த்தாள்.

பிறகு காட்சியை எடுத்தாள். சங்மோவின் திரைக்கதையில் அந்த இடத்தில் மழை கொட்டும், கதாநாயகி கடலைப் பார்த்து நான்கு பக்கத்துக்குப் பேசுவாள். ஹேரான் மழையை நிறுத்தினாள், பேச்சையும் நிறுத்தினாள். சுவரில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்னச் சொன்னாள். தின்று முடிக்கும்போது தண்ணீர் அவள் செருப்பைத் தொட்டது. ஒளிப்பதிவாளர் மா கிசோக் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, குளிர் ஜாஸ்தி என்றார்.

நான்காம் நாள் சங்மோ திரும்பி வந்தான். கடலோரத்தில் ஏதோ ஒரு லாட்ஜில் தனியாக உட்கார்ந்து யோசித்ததாகச் சொன்னான். எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு ஹேரானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அக்கா, இதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். முதல் ஷோல, எல்லார் முன்னாடியும், தலைவர் முன்னாடியும் சொல்வேன். இந்தக் காட்சி உங்களோடதுன்னு சொல்வேன்."

இதற்காகத்தான் ஹேரான் அந்த உரையை எழுத உட்கார்ந்தாள். அவளுடைய சொந்தத் திரைக்கதை ஒன்று பாங்கின் மேஜையில் ஒரு வருஷமாகக் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் பாங் ஒரே பதிலைச் சொல்லுவார்: "நல்ல உதவி இயக்குநர் நீங்க. ஆனா டைரக்ட் பண்ணினதா ஒரு சீனாவது காட்டணுமேம்மா." காட்ட ஒரு காட்சி இருக்கிறது. அது அவளுடையது என்று சொல்ல வேண்டிய வாய்தான் வேறொருத்தனிடம் இருந்தது.

நன்றியுரை எழுதுவது இருக்கிறதே, கல்யாணத்தில் பந்திக்கு உட்கார வைப்பதைவிடக் கஷ்டம். முதலில் முதலீட்டாளர்கள், பிறகு தயாரிப்பு நிறுவனம், பிறகு நடிகர்கள், பிறகு துறைவாரியாகக் குழு, கடைசியில் குடும்பம். ஒளிப்பதிவாளர் பெயரைச் சொன்ன மூச்சிலேயே லைட்டிங் தலைவர் பெயரையும் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்திக் கைதட்டு வாங்கினால், என்னைவிட அவனுக்கு அதிகம் தட்டினார்கள் என்று அந்த மனிதர் அடுத்த படத்துக்கு வர மாட்டார். மைக் கம்பு பிடித்தவரை எல்லோரும் மறப்பார்கள், அதனால் அவரை நடுவில் வைத்தாள். பெயர்களை மூன்று மூன்றாகக் கட்டினாள், மூன்றாவது பெயருக்குத்தான் கூட்டம் கைதட்டும் என்பதால். யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று பார்த்து, சங்மோவின் கண் இடமிருந்து வலமாகப் போகும்படி அமைத்தாள்.

இதற்கு நடுவில் தேஜோன் ஊரிலிருந்து சங்மோவின் அம்மா மூன்று முறை போன் செய்தாள்.

"ஹேரான், எங்க சர்ச் மூப்பர் நாற்பது நாள் விடியக்காலை ஜெபம் பண்ணாரு. அவரு பேரு வருதில்ல?"

"வருதுங்கம்மா."

"எங்க அண்ணன் ஒரு வேன் குடுத்தாரு."

"அதுவும் வருதும்மா. வேன் பாதி வழியில நின்னது மட்டும் வராது."

"என்னைப் பத்தி அவனே சொல்லுவான்னு நினைக்கிறேன்," என்றாள் அம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு. "நான் செஞ்சதெல்லாம் அவனுக்குத் தெரியும். நீ ஒண்ணும் எழுத வேணாம்."

ஹேரான் எழுதவில்லை. அம்மாவைப் பற்றி அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். தனக்கு ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. எப்படி எழுதுவாள்? ஒருத்தி உட்கார்ந்து தன்னைத் தானே புகழ்ந்து இன்னொருவன் வாயில் போடுவதா? அந்த ஊரில் அது துணியில்லாமல் தெருவில் நடப்பதற்குச் சமம். உரை முடிவதற்கு முன் அரைப்பக்கம் வெறுமையாக விட்டாள். தாளைக் கொடுக்கும்போது, "இந்த இடம் உங்க சொந்த வார்த்தை, டைரக்டர்," என்றாள்.

"தெரியும்க்கா," என்றான் சங்மோ. கண்கூடக் கலங்கினான்.

புதன்கிழமை காலை எட்டரைக்கே ஹேரான் அரங்கத்துக்குள் இருந்தாள். புரொஜெக்டர் அறையில் உட்கார்ந்து ஒலி அளவைச் சரிபார்த்தாள், கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலை ஒருமுறை ஓடவிட்டாள். 'உதவி இயக்குநர் குக் ஹேரான்' கீழிருந்து வந்து மேலே போக இரண்டு விநாடிக்கும் குறைவாகவே ஆனது. பதினோரு வருஷமாக அந்த இரண்டு விநாடிதான் அவளுடைய சினிமா.

பத்து மணிக்கு அரங்கம் நிறைந்தது. நடுவரிசையில் முதலீட்டாளர்களும் பாங்கும். அதற்குப் பின்னால் குடும்பங்கள், பூங்கொத்து பூங்கொத்தாக. சங்மோவின் அம்மா வந்தவர்களுக்கெல்லாம் அரிசிக் கேக் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசைகளில் குழு, துறை துறையாக. எல்லோரும் சலவைச் சட்டை போட்டிருந்ததால் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் திணறினார்கள். ஹேரான் கிசோக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குச் சொல்லிடுவானா?" என்றார் கிசோக்.

"சொல்லுவாரு. கையைப் பிடிச்சுச் சொன்னாரு."

"கையைப் பிடிச்சு எனக்கும்தான் சொன்னான், தோளுக்கு மேல ஷாட் ஒண்ணு போதும்னு. பத்து எடுத்தோம்."

சங்மோ மேடையேறி, இடுப்பு ஒடிய வணங்கி, மைக்கை வாங்கினான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், நன்றாகவே வாசித்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்தான். மூன்றாவது பெயருக்குச் சரியாகக் கைதட்டல் விழுந்தது. லைட்டிங் தலைவர் எழுந்து நின்று வணங்கினார். மைக் கம்புக்காரர் தன் பெயரைக் கேட்டுக் கையிலிருந்த காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். சாப்பாட்டு வண்டி அம்மாள் வாய்விட்டு அழுதாள். சர்ச் மூப்பருக்குக் கிடைத்த கைதட்டலில் அவர் திகைத்துப் போய் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். தான் எழுதியது இப்படி வேலை செய்வதைப் பார்த்து ஹேரானுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பிறகு அந்த வெற்றிடம் வந்தது. சங்மோ நின்றான். பின் வரிசைகளில் முப்பது பேர் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். இதற்குள் குழு முழுவதற்கும் உண்மை தெரியும், அறுபது பேர் இருக்கும் இடத்தில் எந்த ரகசியம் தங்கும்? சங்மோ தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"இனிமே சொல்றது தாள்ல இல்ல. என் மனசுலேர்ந்து வர்றது. இருபத்தொன்பதாம் நாள். இந்தப் படம் நின்னு போயிருக்க வேண்டிய நாள்."

ஹேரான் கிசோக்கின் முழங்கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்," என்றான் சங்மோ. "நண்டு. வயிறு. இந்தக் கையில குளுக்கோஸ் ஏறிட்டிருந்தது." கையைத் தூக்கிக் காட்டினான். "டாக்டர் பேசவே கூடாதுன்னாரு. நான் சொன்னேன், டாக்டர், கடல் எனக்காகக் காத்திருக்காதுன்னு. மூணு நாள், படுக்கையிலேர்ந்து, போன்ல, ஒவ்வொரு ஷாட்டா சொன்னேன். நீங்க இப்பப் பாக்கப்போற கடைசிக் காட்சி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்த காட்சி."

முதலீட்டாளர்களில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாங் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்ப என் குரலை ஒரு எழுத்து மாறாம கொண்டு போய்ச் சேத்தாங்க ஒருத்தங்க. எங்க ஹேரான் அக்கா. எனக்குக் கிடைச்ச ஸ்பீக்கர் அவங்கதான். நன்றிக்கா."

முன்பக்கம் கைதட்டியது. பின்பக்கம் யாரும் தட்டவில்லை. ஹேரானுக்கு முகம் சுட்டது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தி என்ன சொல்வாள்? நண்டும் அவளுடையது, குளுக்கோஸும் அவளுடையது. அவனைக் காப்பாற்ற அவள் தைத்த சட்டையைத்தான் அவன் போட்டுக்கொண்டு நிற்கிறான். அளவுகூடச் சரியாக இருந்தது. எல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது அவன் முகம். அதில் பொய் சொல்பவனின் கள்ளம் எதுவுமே இல்லை. படப்பிடிப்பு முடிந்த இந்த எட்டு மாதத்தில் அவனே அதை நம்பிவிட்டிருந்தான்.

"நான் எழுந்திரிக்கவா?" என்றார் கிசோக் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாம். தலைவர்கிட்ட பொய் சொன்னது நான். நீங்க எல்லாரும் அதுக்கு உடந்தை."

மேடையில் சங்மோ கடைசிக்கு வந்திருந்தான். "அம்மா, எந்திரிங்க. உங்களுக்கு இது இன்னிக்குத்தான் தெரியும். உங்க பையன் ஆஸ்பத்திரியில கிடந்ததைச் சொல்லி உங்களை வருத்தப்பட வைக்க வேணாம்னு மறைச்சிட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்கும், ராத்திரியும் பகலும் என்னைப் பாத்துக்கிட்ட நர்சம்மாவுக்கும் என் நன்றி."

அம்மா எழுந்தாள். இருநூறு பேரும் அவள் கண்ணீருக்குத் தயாரானார்கள். அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. காய்கறிக்காரனின் கள்ள எடைக்கல்லைக் கண்டுபிடித்துவிட்டவளின் முகமாக இருந்தது.

"எந்த நர்சம்மா?" என்றாள்.

சங்மோ சிரித்தான். "அம்மா, அப்புறம் சொல்றேன்."

"இல்ல, இப்பச் சொல்லு. நீ இருபத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, காலையில எட்டு மணிக்கு நம்ம வீட்டுக் கதவைத் தட்டின. மூணு நாள் கம்பளியைப் போத்திக்கிட்டு டிவி பாத்த. மூணு வேளையும் கடல்பாசி சூப் வெச்சேன், பிள்ளை பெத்தவளுக்கு வெக்கிற மாதிரி. போனை அரிசிப் பானையில ஒளிச்சு வெக்கச் சொன்ன. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. நீயே ஒரு நாள் எல்லார் முன்னாடியும் என் சூப்பைப் பத்திச் சொல்லுவன்னு இருந்தேன். இப்ப என்னடான்னா எவளோ நர்சுக்கு நன்றி சொல்ற?"

அரங்கத்தில் அரிசிக் கேக் பொட்டலம் பிரிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"அம்மா, உக்காருங்க, படம் போடணும், நேரம் ஆச்சு," என்றான் சங்மோ. அவன் காது நுனி சிவந்திருந்தது.

"போடு. நான் பொய் சொல்றேனா? மூப்பரையே கேளு. சனிக்கிழமை வந்து உன் தலையில கையை வெச்சு ஜெபம் பண்ணாரு."

பாவம் அந்த மூப்பர். இவ்வளவு நேரம் கைதட்டு வாங்கிய மனிதர், பொய் சொல்லவும் முடியாமல் உண்மை சொல்லவும் முடியாமல், தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார்.

பாங் இருக்கையிலிருந்து திரும்பினார். அவசரமே இல்லாமல் திரும்பினார். "போன் அரிசிப் பானையில இருந்துச்சுன்னா," என்று பின் வரிசையைப் பார்த்துக் கேட்டார், "அந்த மூணு நாள் ஷாட் சொன்னது யாரு?"

லைட்டிங் தலைவர் எழுந்து நின்றார். முழுசாகச் சுற்றி, ஹேரான் பக்கம் திரும்பி, வணங்கினார். அடுத்து மைக் கம்புக்காரர், காப்பிக் கறைச் சட்டையோடு. கிசோக். உடை, ஒப்பனை, கலை. முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவளைப் பார்த்து வணங்கினார்கள். ஹேரான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. புரொஜெக்டர்காரருக்கு யார் சூப் வைத்தார்கள் என்பதெல்லாம் தேவையில்லை, பத்தே கால் என்றால் பத்தே கால்.

கடைசிக் காட்சி வந்தபோது ஹேரான் திரையைப் பார்க்கவில்லை. பாங்கின் பிடரியைப் பார்த்தாள். ஆரஞ்சுச் சுளை ஒவ்வொன்றாக வாய்க்குள் போனது, தண்ணீர் செருப்பைத் தொட்டது, அந்தப் பிடரி அசையவே இல்லை. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பின் வரிசைகள் ஒவ்வொரு பெயருக்கும் தட்டின. அவளுடைய இரண்டு விநாடிக்குத் தட்டியது மட்டும் அடுத்த ஆறு பெயர்களுக்கும் சேர்த்து நீண்டது.

வெளியே கூடத்தில் பாங் அவளை ஒரு தூணோரமாகக் கூப்பிட்டார்.

"என்கிட்ட நல்லா பொய் சொன்னீங்க. நண்டுன்னு வேற சொன்னீங்க. நான் அந்த டைரக்டருக்குக் கஞ்சி டப்பா ஒரு பெட்டி அனுப்பினேன்."

"தெரியும் தலைவரே. குழு சாப்பிட்டுச்சு."

"அந்தக் காட்சிதான் படம். மத்ததெல்லாம் அதுக்குப் போற வழி." அவர் தொண்டையைக் கனைத்தார். "சங்மோவோட ரெண்டாவது படத்துக்கும் கையெழுத்துப் போட்டாச்சு. அவனை விட முடியாது. அதனால அந்தப் படத்துக்கும் நீங்களே உதவி இயக்குநரா வாங்க. அவன் ஓடினாலும் படம் நிக்காது பாருங்க. எனக்கு நிம்மதி."

ஹேரான் அவரையே பார்த்தாள். ஒரு வருஷமாக இந்த மனிதர் கேட்ட ஒரு காட்சியைக் காட்டியாகிவிட்டது. பார்த்துவிட்டு அவர் அவளுக்கு அதே நாற்காலியை இன்னும் கெட்டியாகப் போட்டுக் கொடுக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

"வர மாட்டேன் தலைவரே. என் கதையைத் திருப்பிக் குடுத்துடுங்க. இந்தக் காட்சியைக் காட்டி வேற இடத்துல கேக்கறேன். எடுத்தது நான்தான்னு சொல்ல இன்னிக்கு இருநூறு பேர் இருக்காங்க."

நான்கு எட்டு நடந்திருப்பாள். பின்னாலிருந்து பாங்கின் குரல் கேட்டது. "இருங்க. அந்தக் கதை பேரு என்ன?"

ஒரு வருஷம். பேர்கூடத் தெரியாது.

"படிச்சீங்கன்னா முதல் பக்கத்துலயே இருக்கும்," என்றாள், நிற்காமல்.

பூங்கொத்துகளுக்கு நடுவே சங்மோ அவளை மறித்தான். முகம் பேயறைந்தது போல இருந்தது. "அக்கா, மன்னிச்சிடுங்க. நிஜமா அப்படித்தான் நடந்ததுன்னு... வாயில வந்துடுச்சு. அம்மா பேச மாட்டேங்கறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு ஒரு ரெண்டு வரி எழுதிக் குடுங்களேன்."

அவள் அவனை அறைந்திருக்கலாம். அவன் கேட்பதில் கேலி ஒரு துளியும் இல்லை என்பது தெரிந்ததால் அறையவில்லை. "நீங்களே சொல்லுங்க டைரக்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வாசலில் சங்மோவின் அம்மா காலிக் கூடையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஹேரானைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள். இடுப்பு வலிக்காரி, ஆனாலும் முழுசாகக் குனிந்து வணங்கினாள்.

"அவன் வயித்துல சூப் இருந்தப்ப நீ குளிர்ல நின்னிருக்க. எனக்குத் தெரியாம போச்சும்மா. அவன் சொல்லாததை நான் சொல்றேன். ரொம்ப நன்றி."

ஹேரானுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அறுபத்து மூன்று பேருக்கு அவள் எழுதிக் கொடுத்த நன்றி எதுவும் இப்படி இல்லை. அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், மூக்கைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ படம் எடுத்தேன்னா முதல் ஷோவுக்கு என்னையும் கூப்பிடு. நாலு கிலோ அரிசிக் கேக் கொண்டு வர்றேன். ஆனா மேடையில என் பேரைச் சொல்லணும், ஆமா."